புரோநோட்டில் இருப்பது எங்கள் கையெழுத்தே இல்லை: நிபுணரிடம் போகுமுன் செய்ய வேண்டியவை

அப்பா 2020 கடைசியில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, அவர் 2018 மார்ச்சில் கடன் வாங்கியதாக ஒரு புரோநோட்டின் நகலோடு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா, "இது அவர் போட்டது மாதிரி இருக்கு, ஆனா அவர் போட்டது இல்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட எங்களுக்கு இரண்டு நிபுணர் அறிக்கைகளும் மூன்று வருடங்களும் ஆயின. முதல் அறிக்கை வீணானது. குற்றம் நிபுணருடையது அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் கொடுத்த காகிதங்கள்தான் தவறானவை. அதே குழியில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டுக்குள் ஒரு கேள்வி

கையெழுத்து ஒப்பீடு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்தக் கையெழுத்தைப் போட்டது இந்த ஆள்தானா? அதனால் உங்கள் வாதம் எது என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். "கையெழுத்தே அவருடையது இல்லை" என்பது ஒரு வழக்கு. "வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பிவிட்டார்கள்" என்பது முற்றிலும் வேறு வழக்கு. தொகையைத் திருத்தியிருக்கிறார்கள் என்றால் அது மூன்றாவது.

வெற்றுத் தாளில் போட்டது உண்மைக் கையெழுத்துதான். அதை ஒப்பிட அனுப்பினால் "அவருடையதே" என்று அறிக்கை வரும், அதோடு உங்கள் வழக்குக்கு நீங்களே குழி தோண்டிவிட்டீர்கள். அந்த மாதிரி வழக்கில் கேட்க வேண்டியவை வேறு: எழுத்தும் கையெழுத்தும் குறுக்கிடும் இடத்தில் எது மேலே இருக்கிறது, தாள் மடிப்பதற்கு முன் எழுதியதா பின் எழுதியதா, இரண்டு மையும் ஒன்றா.

மனுவில் பலரும் "மையின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்றும் சேர்த்துவிடுகிறார்கள். பல வருடங்களுக்கு முன் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதை எந்த வருடம் எழுதியது என்று நம்பும்படி சொல்வது நடக்கிற காரியம் இல்லை. அதற்குக் காசும் மாதங்களும் செலவழிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அண்ணனை உட்கார வைத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். "அப்பா அந்த ஆளுக்கு எப்போதாவது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா?" கடைசியில், 2015-ல் வேறொரு சின்னக் கடனை அடைத்தபோது ஒரு ரசீதில் போட்டுக் கொடுத்தார் என்று சொன்னான். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்ததே அந்த ரசீதில்தான்.

2. அசலைப் பாருங்கள், நகலை நம்பாதீர்கள்

நோட்டீஸோடு வருவது நகல். அதை வைத்து "நிபுணரிடம் காட்டி ஒரு அபிப்பிராயம் வாங்கிவிடுவோம்" என்று ஓடாதீர்கள். நகலில் தெரிவது எழுத்தின் வடிவம் மட்டும். போலியைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் வடிவம் இல்லை, கை போன போக்கு. பேனா எங்கே தயங்கியது, எங்கே தூக்கி மறுபடி வைத்தார்கள், எங்கே அழுத்தினார்கள், கோடு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் அசலில்தான் இருக்கும். போதாக்குறைக்கு, வேறொரு தாளிலிருந்து கையெழுத்தை வெட்டி ஒட்டி நகல் எடுத்திருந்தால் அதில் உண்மையான கையெழுத்தே தெரியும்.

அசல் நீதிமன்றத்தில் தாக்கலானதும் பார்வையிட அனுமதி கேட்டு மனு போடுங்கள். அனுமதி கிடைக்கும் நாளில் நல்ல கேமராவும் மில்லிமீட்டர் அளவுகோலும் எடுத்துப் போங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நேராக ஒரு படம், பக்கவாட்டில் தாழ்வாக வெளிச்சம் விழும்படி ஒரு படம், பின்புறம் ஒரு படம். பக்கவாட்டு வெளிச்சத்தில் தாளில் விழுந்த பள்ளங்கள் நிழலாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அசல் உங்கள் கையில் இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், துளை போடாதீர்கள், புது மடிப்பு விழ விடாதீர்கள், சர்ச்சைக்குரிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டாதீர்கள். முக்கியமாக, தாளை உறைக்குள் போட்டபிறகு உறையின் மேல் வழக்கு எண் எழுதாதீர்கள். நீங்கள் அழுத்தி எழுதியது உள்ளேயிருக்கும் தாளில் பள்ளமாகப் பதியும். வேறு தாளை மேலே வைத்து எழுதியதன் சுவடு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும்போது உங்கள் வழக்கு எண்தான் முதலில் எழுந்து நிற்கும். முதலில் உறையில் எழுதுங்கள், அப்புறம் தாளை உள்ளே வையுங்கள்.

3. ஒப்பீட்டுக் கையெழுத்துகளைத் தேடுவது: இங்கேதான் வழக்கு ஜெயிக்கும், தோற்கும்

எங்கள் முதல் அறிக்கை ஏன் வீணானது என்று சொல்கிறேன். வக்கீல் "அப்பா கையெழுத்து இருக்கிற காகிதம் ரெண்டு மூணு கொண்டு வாங்க" என்றார். வீட்டில் உடனே கையில் கிடைத்தவை மூன்று: 1994-ல் நிலம் வாங்கிய பத்திரம், 2019 கடைசியில் நிரப்பிய ஓய்வூதியப் படிவம், ஒரு வாடகை ஒப்பந்தத்தின் நகல். ஐந்து மாதம் காத்திருந்தோம். "கொடுத்தவை போதுமானவையாக இல்லை, கருத்துச் சொல்ல இயலவில்லை" என்று ஒரு பக்கத்தில் பதில் வந்தது.

யோசித்துப் பார்த்தால் வேறெப்படி வரும்? கையெழுத்து இருபத்துநாலு வருடத்தில் தேய்ந்து மாறும். பத்திரத்தில் பெயர் முழுவதும் தெளிவாக இருந்தது, பிற்காலத்தில் நடு எழுத்துகள் ஒரு அலையாகிவிட்டன. ஓய்வூதியப் படிவம் 2019-ல் அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு போட்டது, கோடு முழுக்க நடுக்கம். வாடகை ஒப்பந்தம் நகல், ஆகவே பயன் இல்லை.

இரண்டாவது தடவை ஒழுங்காகத் தேடினோம். உங்கள் தேடலுக்கும் இவையே அளவு:

காலம் நெருங்கியிருக்க வேண்டும். சர்ச்சைக்குரிய தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு வருடத்துக்குள் இருப்பவை நல்லவை. 2018 மார்ச் என்றால் 2016 முதல் 2019 பக்கவாதத்துக்கு முன்பு வரை என்று நாங்கள் எல்லை வைத்துக்கொண்டோம்.

எண்ணிக்கை வேண்டும். எந்த மனிதரும் இரண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. அவருடைய கை எவ்வளவு தூரம் மாறும், எதில் மாறவே மாறாது என்று தெரிந்தால்தான் "இது அந்த எல்லைக்கு வெளியே" என்று நிபுணர் சொல்ல முடியும். மூன்றை வைத்துக்கொண்டு அது தெரியாது. பத்துக்குக் குறையாமல் பாருங்கள், இருபது கிடைத்தால் இன்னும் நல்லது.

அதே வகைக் கையெழுத்தாக இருக்க வேண்டும். தமிழில் போட்ட முழுக் கையெழுத்தை ஆங்கிலச் சுருக்கொப்பத்தோடு ஒப்பிட முடியாது. நிதானமாகப் பத்திரத்தில் போட்டதும், நின்றபடி பார்சல் வாங்கும்போது கிறுக்கியதும் கலந்து கிடைத்தால் இரண்டையும் வையுங்கள்.

அப்புறம், அது அவருடையதுதான் என்பதை எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது நீங்கள் நிரூபிக்க வேண்டும். வீட்டு டைரியில் இருக்கும் கையெழுத்தை "இதுவும் நீங்கள் தயாரித்ததுதான்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆகவே மூன்றாம் தரப்பிடம் இருப்பவைதான் பலம்: பணம் கொடுத்து முடித்த காசோலைகள், வங்கியில் கணக்கு திறந்த படிவம், காப்பீட்டில் வாரிசு நியமனம், கூட்டுறவுச் சங்கக் கூட்டப் பதிவேடு, சம்பளப் பதிவேடு. இவற்றை வரவழைக்க நீதிமன்றம் வழியாகச் சம்மன் அனுப்ப வேண்டும். வங்கி பழைய காசோலைகளை ஒரு காலத்துக்கு மேல் வைத்திருக்காது, அதனால் நோட்டீஸ் வந்த வாரமே "இந்தக் காசோலைகளை அழிக்க வேண்டாம்" என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தவை பதினான்கு: காசோலைகள் ஒன்பது, சங்கப் பதிவேட்டில் நான்கு கூட்டங்கள், ஒரு காப்பீட்டுப் படிவம். அதோடு 2015 ரசீதும். அந்த ரசீதை எதிர்த்தரப்பே தங்கள் பழைய கொடுக்கல் வாங்கலுக்கு ஆதாரமாகத் தாக்கல் செய்திருந்தார்கள். நல்லவையாகப் பொறுக்கி மற்றதை ஒளிக்காதீர்கள். பொருந்தாத ஒன்று பிறகு குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் மற்றவையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

4. கையெழுத்துக்காரர் உயிரோடு இருந்தால்

நீதிமன்றத்தில் வைத்தே மாதிரிக் கையெழுத்து எடுப்பார்கள். அது கூடுதல் உதவிதான், பழைய கையெழுத்துகளுக்கு மாற்று இல்லை. வழக்கு வந்தபின் போடுவது என்பதால் மாற்றிப் போட்டிருப்பார் என்ற பேச்சு எப்போதும் எழும். வக்காலத்திலும் பதிலுரையிலும் இருக்கும் கையெழுத்துகளை மட்டும் நம்பிப் போனாலும் இதே பிரச்சினை.

எடுக்கும்போது சர்ச்சைக்குரிய ஆவணத்தை அவருக்குக் காட்டக் கூடாது. அதே அளவுத் தாள், அதே வகைப் பேனா, கையெழுத்துக்கு அதே அளவு இடம். ஒவ்வொரு தாளும் எழுதியதும் கண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முந்தையதைப் பார்த்தே அடுத்ததைப் போடுவார். இடைவெளி விட்டு இருபது தாளாவது எடுத்தால், வேண்டுமென்றே மாற்றிப் போடுபவருக்கும் பழக்கம் நடுவில் எங்காவது தலைகாட்டிவிடும். உங்கள் தரப்பு ஆள் என்றால் ஒரே அறிவுரை: எப்போதும் போல் போடுங்கள். ஜாக்கிரதையாகப் போடுவதும் மாற்றிப் போடுவது போலவே தெரியும்.

5. மனு, நேரம், பணம்

இந்தியா, இலங்கை, மலேசியா மூன்று நாட்டுச் சாட்சியச் சட்டங்களிலும் நிபுணர் கருத்துக்குப் பிரிவு 45, நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பிரிவு 73 என்றே இருந்து வந்தன. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்தில் அவை 39, 72 ஆகிவிட்டன. நீதிபதி தாமே கண்ணால் ஒப்பிடலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

மனுவைச் சீக்கிரம் போடுங்கள். பதிலுரையிலேயே "கையெழுத்தை மறுக்கிறோம்" என்று தெளிவாக எழுதி, சாட்சி விசாரணை தொடங்குமுன் நிபுணருக்கு அனுப்பக் கேட்பதே நல்லது. வாதம் முடியும் தறுவாயில் போட்டால் இழுத்தடிப்பு என்று தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். மனுவில் எந்த ஆவணத்தில் எந்தக் கையெழுத்து, எதோடு ஒப்பிட வேண்டும் என்று எண் போட்டுக் கொடுங்கள்: சர்ச்சைக்குரியவை ச1, ச2, ஒப்புக்கொண்டவை ஒ1 முதல் ஒ14 வரை. அந்த எண்களைத் தனித்தாளில் பட்டியலாக வையுங்கள், அசலின் மேல் எழுத வேண்டாம்.

அரசு ஆய்வகமா தனியார் நிபுணரா என்பது அடுத்த கேள்வி. அரசு ஆய்வகத்தில் கட்டணம் குறைவு, வரிசை நீளம். பரிசோதனை என்னவோ சில நாள் வேலைதான், மாதங்களை விழுங்குவது வரிசை. தனியார் என்றால் வேகம், ஆனால் "நீங்கள் பணம் கொடுத்த ஆள்" என்ற கேள்வி கூண்டில் வரும். எங்கள் இரண்டாவது அறிக்கை நீதிமன்றம் வழியாக முத்திரையிட்ட உறையில் போய், எட்டு மாதத்தில் வந்தது.

தனியாரிடம் போனால் கட்டணத்தைப் பிரித்துக் கேளுங்கள். கையெழுத்துக்கு இவ்வளவா, அறிக்கைக்கு இவ்வளவா, சாட்சி சொல்ல வரும் ஒவ்வொரு நாளுக்கும் தனியா, வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் அந்த நாளுக்கும் உண்டா? எங்களை அதிகம் உறுத்தியது அந்தக் கடைசிச் செலவுதான். எழுத்தில் அறிக்கை கேட்குமுன் வாய்மொழியாக ஒரு பூர்வாங்கக் கருத்து தருவாரா என்றும் கேளுங்கள். பாதகமாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எழுத்தைப் பார்த்துக் குணம் சொல்பவர்களும் கையெழுத்து நிபுணர் என்றுதான் பலகை வைத்திருப்பார்கள். அது வேறு தொழில். ஆவணப் பரிசோதனையில் என்ன பயிற்சி, எத்தனை வழக்கில் குறுக்கு விசாரணைக்கு நின்றிருக்கிறார் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

6. அறிக்கையைப் படிப்பது எப்படி

எங்கள் இரண்டாவது அறிக்கையில் இருந்ததைச் சொன்னால் புரியும்.

அப்பா பெயரின் கடைசி எழுத்து "ன்". அந்தப் புள்ளியை வைத்த வேகத்திலேயே பேனாவை இடப்பக்கம் இழுத்து, பெயருக்கு அடியில் வலமிருந்து இடமாக ஒரு கோடு போடுவார். பதினான்கு கையெழுத்திலும் புள்ளி வட்டமாக இல்லை, இடப்பக்கம் சாய்ந்த ஒரு சிறு கீற்றாக இருந்தது. அடிக்கோடு வலது முனையில் தடித்து, இடது முனையில் காற்றில் கரைவது போல் மெலிந்தது. புரோநோட்டில் புள்ளி வட்டமாக, அழுத்தி வைத்த புள்ளி. அடிக்கோடு இடது முனையில் மை தேங்கித் தொடங்கி வலப்பக்கம் முடிந்தது, அதாவது இடமிருந்து வலமாகப் போட்டது. நகலில் பார்த்தால் இரண்டும் ஒரே கோடுதான். வடிவத்தைப் பார்த்து வரைந்தவருக்கு அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிய வழியில்லை.

நடு எழுத்துகளின் அலையில் பேனாவைத் தூக்கி மறுபடி வைத்த இடங்கள் இரண்டு. வளைவின் நடுவே, எழுதுகிறவர் யாரும் நிறுத்தாத இடத்தில். கோடு முழுக்க ஒரே அழுத்தம். இதெல்லாம் மெதுவாக வரைந்ததற்கு அடையாளங்கள். அதற்கும் மேலாக, புரோநோட்டுக் கையெழுத்தின் அளவும் எழுத்துகளின் இடைவெளியும் 2015 ரசீதின் கையெழுத்தோடு ஏறக்குறைய அப்படியே படிந்தன. ஒரே ஆள் இரண்டு தடவை போட்டது அப்படிப் படியாது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வரைந்தால் படியும்.

எதிர்த்தரப்பு வக்கீல், "பெரியவருக்கு உடல்நலம் சரியில்லை, அதனால்தான் கை தயங்கியது" என்றார். பக்கவாதத்துக்குப் பின் போட்ட அந்த ஓய்வூதியப் படிவம் அப்போதுதான் பயன்பட்டது. நோயில் வரும் நடுக்கத்தில் கோடு தாறுமாறாக அலையும், ஆனால் கை தன் பழக்கத்தை விடாது. அதில்கூட அடிக்கோடு வலமிருந்து இடமாகவே போயிருந்தது.

முடிவு எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். நிபுணர்கள் ஆம், இல்லை என்று இரண்டே வார்த்தையில் முடிப்பதில்லை, படிப்படியாகச் சொல்வார்கள். ஒரு முனையில் "இவரே போட்டது", மறுமுனையில் "இவர் போடவில்லை", நடுவில் "கருத்துச் சொல்ல இயலவில்லை", இடையில் வெவ்வேறு அளவு உறுதி. எங்களுக்கு வந்தது "இவர் போட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு" என்பது. முதலில் ஏமாற்றமாக இருந்தது. நிபுணர் கூண்டில் ஏறிக் காரணங்களைப் பெரிதாக்கிய படங்களோடு காட்டியபோது அதுவே போதுமானதாக இருந்தது. காரணமும் படமும் இல்லாமல் "போலி" என்று மட்டும் அடித்துச் சொல்லும் அறிக்கைதான் குறுக்கு விசாரணையில் முதலில் கவிழும்.

யார் போட்டார்கள் என்பதை அறிக்கை சொல்லாது. பார்த்து வரைந்தவரின் சொந்தக் கை அதில் அனேகமாக மிஞ்சுவதில்லை. எங்கள் வழக்கில் புரோநோட்டின் சாட்சி இருவரும் பணம் கைமாறிய இடத்தை வெவ்வேறாகச் சொன்னார்கள். அறிக்கையும் அதுவும் சேர்ந்துதான் வழக்கு தள்ளுபடியானது.

7. அசல்களைத் திரும்ப வாங்குங்கள்

தீர்ப்பு வந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுவார்கள். வரவழைத்த ஆவணங்கள் மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை நீதிமன்றத்தில் இருக்கும். அப்புறமும் தானாகத் திரும்பிப் போகாது, மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சங்கத்தின் கூட்டப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அதுவரை செயலாளர் பார்க்கும் இடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். தாக்கல் செய்யும் நாளிலேயே எந்த ஆவணம் யாருடையது, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று ஒரு பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.